மார்பு 14, சீட் 20: மூன்று சைஸில் விழும் உடலுக்கு ஒரு குர்த்தி பேட்டர்ன்

இந்த ஆய்வில் எடுத்துக்கொண்ட ஒரு பெண்ணின் உடல் அளவுகள் இவை: மேல் மார்பு 34½ அங்குலம், முழு மார்பு 36½, இடுப்பு 31, சீட் 43. பின் கழுத்து எலும்பிலிருந்து இடுப்பு வரை 16½. தைக்க வேண்டியது, பக்கத்தில் ஸ்லிட் வைத்த, உடலோடு ஓரளவு ஒட்டி நிற்கும் பருத்திக் குர்த்தி. பேட்டர்ன் 10 முதல் 22 வரை எல்லா சைஸ் கோடுகளும் ஒரே தாளில் அச்சான டியூனிக் வகை. அதில் பக்கவாட்டில் ஒரு மார்பு டார்ட்டும், முன்னும் பின்னும் இடுப்பில் மீன் வடிவ டார்ட்டும் உண்டு. 1½ செ.மீ. தையல் விடுப்பு பேட்டர்னிலேயே சேர்ந்திருக்கிறது.

சிம்ப்ளிசிட்டி, மெக்கால்ஸ், பட்டரிக், வோக் ஆகிய அமெரிக்க பேட்டர்ன்கள் பின்பற்றும் பொது அட்டவணைதான் இதற்கும். நமக்கு வேண்டிய வரிசைகள் மட்டும் கீழே, அங்குலத்தில்:

| சைஸ் | மார்பு | இடுப்பு | சீட் |
|---|---|---|---|
| 14 | 36 | 28 | 38 |
| 16 | 38 | 30 | 40 |
| 18 | 40 | 32 | 42 |
| 20 | 42 | 34 | 44 |

மார்பு 14-க்குப் பக்கத்தில் நிற்கிறது. இடுப்பு 16-க்கும் 18-க்கும் நடுவில். சீட் 18-க்கும் 20-க்கும் நடுவில். கடையில் இவர் எந்த எண் போட்ட குர்த்தி வாங்குகிறார் என்பது இங்கே உதவாது. பேட்டர்ன் சைஸ் எண்ணுக்கும் கடை சைஸ் எண்ணுக்கும் தொடர்பு கிடையாது.

அடிப்படை சைஸ் ஏன் மேலிருந்து தொடங்க வேண்டும்

இப்படி அளவு விழுந்தால் பலரும் செய்வது, எல்லாவற்றிலும் பெரியதான 20-ஐ வெட்டிவிட்டு, மேலே லூஸாக இருப்பதைப் பக்கத் தையலில் பிடித்துக்கொள்வது. துணி வீணாகாது என்ற எண்ணம் நியாயமானதுதான். ஆனால் பக்கத் தையலில் பிடிப்பதால் சரியாவது அகலம் மட்டுமே. 20-ன் கழுத்து அகலம், தோள் நீளம், ஆர்ம்ஹோல் ஆழம் எல்லாம் 14-ஐ விடப் பெரியவை. அவற்றைப் பக்கத் தையல் தொடவே முடியாது. விளைவு தெரிந்ததே: தோள் கீழே இறங்கும், முன் கழுத்து குனியும்போது திறக்கும், ஆர்ம்ஹோல் தாழ்ந்திருப்பதால் கையைத் தூக்கினால் குர்த்தி முழுவதும் மேலே ஏறும். கையைத் தூக்கினால் குர்த்தி ஏறுகிறது என்று ஆர்ம்ஹோலை இன்னும் வெட்டி ஆழமாக்குபவர்கள் உண்டு. அது நிலைமையை மோசமாக்கும். ஆர்ம்ஹோல் அக்குளுக்கு அருகில் இருந்தால்தான் கை தனியாக நகரும்.

கழுத்து, தோள், ஆர்ம்ஹோல் மூன்றையும் வெட்டிய பிறகு திருத்துவது கடினம். இடுப்பையும் சீட்டையும் ஒரு கோடு மாற்றி வரைந்து திருத்திவிடலாம். ஆகவே அடிப்படை சைஸை மேல் பகுதிக்கு வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மேல் பகுதியின் எலும்புக் கட்டைச் சொல்வது முழு மார்பளவு அல்ல, மேல் மார்பளவு. டேப்பை அக்குளுக்குக் கீழே ஒட்டி, முன்னால் மார்புக்கு மேலே, முதுகில் நேராகச் சுற்றி எடுப்பது அது.

இந்த அட்டவணை பி கப் அளவுக்குப் போட்டது. அதாவது முழு மார்பு மேல் மார்பை விட ஏறக்குறைய 2 அங்குலம் அதிகம் என்று வைத்துக்கொண்டு வரைந்தது. இவருக்கு 34½-ம் 36½-ம். வித்தியாசம் சரியாக 2. எனவே 14-ஐ அப்படியே எடுக்கலாம். வித்தியாசம் 3½ அல்லது 4 வந்திருந்தால், மேல் மார்போடு 2 கூட்டி வரும் எண்ணைக் கொண்டு சைஸ் எடுத்து, மார்புப் பகுதியை மட்டும் தாளில் வெட்டி விரித்துப் பெரிதாக்க வேண்டியிருக்கும். பக்கத் தையலில் சைஸ் கலப்பது அதற்கு மாற்று ஆகாது, ஏனென்றால் மார்புக்கு வேண்டிய இடம் முன்பக்க நடுவில் வேண்டும். பக்கத் தையல் அதை அக்குளில் கொண்டுபோய்க் கொடுக்கும்.

உடல் அளவை விட்டு ஆடை அளவைப் பார்ப்பது

இடுப்பு 31-க்கு 16-ஆ 18-ஆ என்ற கேள்விக்கு உடல் அளவு அட்டவணையில் பதில் கிடையாது. தைத்து முடித்த ஆடையின் அளவு பேட்டர்ன் தாளிலேயே அச்சாகியிருக்கும். இல்லாவிட்டால் தாளில் டேப் வைத்து, தையல் விடுப்பையும் டார்ட் மடிப்பையும் கழித்து நாமே கணக்கிடலாம். இந்தப் பேட்டர்னில் 14-ன் ஆடை அளவு மார்பில் 39½, இடுப்பில் 32, சீட்டில் 41. ஒவ்வொரு சைஸுக்கும் மூன்று இடத்திலும் 2 அங்குலம் கூடுகிறது.

ஆடை அளவிலிருந்து உடல் அளவைக் கழித்தால், வடிவமைத்தவர் எவ்வளவு லூஸ் நினைத்தார் என்று தெரியும். 14-ல் மார்பில் 3½, இடுப்பில் 4, சீட்டில் 3. இந்த லூஸைத்தான் காப்பாற்ற வேண்டும். சைஸ் எண்ணைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் இல்லை.

மார்பு: 14-ல் 39½ கிடைக்கிறது. உடல் 36½. லூஸ் 3. அரை அங்குலம் குறைவு, ஆனால் பருத்தியில் 3 அங்குலம் போதும்.

இடுப்பு: 31-ம் 4-ம் சேர்ந்து 35 வேண்டும். 16-ல் 34, 18-ல் 36. ஆகவே இரண்டு கோட்டுக்கும் நட்ட நடுவில் ஒரு புள்ளி. 17 என்று ஒரு சைஸ் அச்சில் இல்லாவிட்டாலும் தாளில் வரைய ஒன்றும் தடை இல்லை. இரண்டு அச்சுக் கோடுகளில் ஒன்றில்தான் நடந்தாக வேண்டும் என்று நினைப்பதால்தான் பலர் தேவையில்லாமல் தடுமாறுகிறார்கள்.

சீட்: 43-ம் 3-ம் சேர்ந்து 46. 18-ல் 45, 20-ல் 47. இங்கே நடுவை எடுக்காமல் 20-ஐ எடுத்ததற்குக் காரணம் ஸ்லிட். இந்தப் பேட்டர்னில் ஸ்லிட் சரியாகச் சீட் கோட்டில், இடுப்பிலிருந்து 9 அங்குலம் கீழே தொடங்குகிறது. உட்காரும்போது சீட் அகலும், அப்போது ஸ்லிட்டின் உச்சிதான் இழுபடும். ஸ்லிட் 7 அங்குலத்திலேயே தொடங்கும் குர்த்தி என்றால் அகலும் இடத்தில் துணி பிரிந்து நிற்கும், 46-ஏ போதும்.

ஆக 14, 17, 20. அகலத்தில் படி சீராக ஏறுகிறது.

தாளில் கோடு வரைவது

பிடிஎஃப் பேட்டர்ன் என்றால் அச்சிடும்போது அளவை 100 சதவீதத்தில் வைத்து, சோதனைச் சதுரத்தை ஸ்கேலால் அளந்து பார்த்துவிட்டுத் தொடர வேண்டும். அச்சிட்ட தாளை நேரே வெட்டாமல் டிரேசிங் பேப்பரில் படி எடுக்க வேண்டும். ஒரு கோட்டை வெட்டிவிட்டால் அதற்கு வெளியே உள்ள மற்ற சைஸ் கோடுகளும் போய்விடும்.

முதலில் 14-ன் கழுத்து, தோள், ஆர்ம்ஹோல், நடு முன், நடு பின், டார்ட்டுகள் எல்லாவற்றையும் படி எடுக்க வேண்டும். அக்குள் புள்ளியிலிருந்து பக்கத் தையலில் முதல் 1½ அங்குலமும் 14-ஆகவே இருக்கட்டும். அதற்குப் பிறகுதான் விலகல் தொடங்கலாம். அக்குள் புள்ளியிலேயே வேறு சைஸுக்குப் போனால் ஆர்ம்ஹோல் சுற்றளவு கூடி, 14-ன் கை அதில் பொருந்தாது. கையையும் மாற்ற வேண்டி வரும்.

இனி வருவதுதான் அதிகம் பேர் கவனிக்காத இடம். சைஸ் கூடும்போது அகலம் மட்டுமல்ல, உயரமும் கூடுகிறது. இதே அட்டவணையில் பின் கழுத்திலிருந்து இடுப்பு வரை 14-க்கு 16½ அங்குலம், 20-க்கு 17¼. எனவே 20-ன் இடுப்புக் குறி 14-ன் இடுப்புக் குறியை விட முக்கால் அங்குலம் கீழே நிற்கும். அதன் சீட் குறியும் அப்படியே. 14-ன் பக்கக் கோட்டிலிருந்து 20-ன் சீட் குறிக்கு ஒரு கோடு இழுத்தால், அகலம் சரியாக வரும், ஆனால் அந்த அகலம் உடலில் வேண்டிய இடத்துக்கு முக்கால் அங்குலம் கீழே வரும். சீட் எங்கே அகலமோ அங்கே துணி இறுக்கமாக, அதற்குக் கீழே காலியாக நிற்கும்.

இவருடைய முதுகு நீளம் 16½. அது 14-ன் உயரமே. ஆகவே எல்லா உயரமும் 14-லிருந்து, அகலம் மட்டும் மற்ற சைஸ்களிலிருந்து. இதைச் செய்ய, 14-ன் இடுப்புக் குறியில் நடு முன் கோட்டுக்குச் செங்குத்தாக ஒரு படுக்கைக் கோடு போட வேண்டும். அதற்கு 9 அங்குலம் கீழே இன்னொன்று. 16, 18-ன் இடுப்பு அகலத்தை அவற்றின் சொந்த இடுப்புக் குறியில் அளந்து, நடு எண்ணை எடுத்து, முதல் படுக்கைக் கோட்டில் புள்ளி வைக்க வேண்டும். 20-ன் சீட் அகலத்தை அதன் சொந்தச் சீட் குறியில் அளந்து, இரண்டாவது படுக்கைக் கோட்டில் புள்ளி வைக்க வேண்டும். எல்லா சைஸுக்கும் தையல் விடுப்பு ஒன்றே என்பதால் வெட்டுக் கோட்டிலேயே இதைச் செய்யலாம், விடுப்பைத் தனியாகக் கழித்துக் கூட்ட வேண்டியதில்லை.

முன்பக்கத்தில் மார்பு டார்ட் பக்கத் தையலில் திறக்கிறது. புதிய கோடு அந்த டார்ட்டைக் கடந்து போகும். டார்ட்டைத் திறந்த நிலையில் ஸ்கேல் வைத்து ஒரே இழுப்பாக வரைந்தால், தைத்து மூடிய பிறகு மேல் காலும் கீழ்க் காலும் சேரும் இடத்தில் பக்கக் கோடு உடைந்து, ஒரு சின்னப் பள்ளமோ மூக்கோ நிற்கும். அதனால் டார்ட்டைத் தாளிலேயே மடித்து, மடிப்பு கீழ்நோக்கி இருக்கும்படி பின் குத்தி, மூடிய நிலையில்தான் கோடு வரைய வேண்டும். அப்படியே வெட்டி, பிறகு திறந்தால் டார்ட்டின் வாயில் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அது தவறு இல்லை. அந்த முனை இருந்தால்தான் மடிப்பின் ஓரம் தையலுக்குள் அகப்படும்.

அக்குளிலிருந்து 1½ அங்குலம் கீழே தொடங்கி இடுப்புப் புள்ளிக்கு ஏறக்குறைய நேர்கோடு. இடுப்பில் முக்கு வைக்காமல், மேலும் கீழும் ஓர் அங்குலம் அளவுக்கு மெல்லிய வளைவு. அங்கிருந்து சீட்டுக்கு வளைவு ஸ்கேல். சீட்டுக்குக் கீழே ஸ்லிட் ஓரம், பேட்டர்னின் சொந்தக் கோட்டுக்கு இணையாக இறங்கலாம்.

சீட்டின் பங்கு முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு

47 அங்குலத்தை நான்காகப் பிரித்து முன் 11¾, பின் 11¾ என்று போடுவது எளிது. உடல் அப்படிப் பிரியாமல் இருந்தால் அந்த எளிமை தொல்லையாகும். அக்குள் நடுவிலிருந்து நேராகக் கீழே விழும் கற்பனைக் கோட்டைப் பக்கமாக வைத்து, சீட்டில் முன்பாதியையும் பின்பாதியையும் தனித்தனியாக அளந்தால் இவருக்கு முன் 20½, பின் 22½. அகலம் பின்னால்தான். சமமாக வெட்டினால் பின்பக்கம் துணி போதாமல் பக்கத் தையலைப் பின்னால் இழுக்கும். நிற்கும்போது தையல் சீட்டருகே பின்னோக்கி வளைந்து ஓடுவது அதன் அடையாளம்.

எனவே இரண்டு பாதிக்கும் தலா 2 அங்குலம் லூஸ் கொடுத்து, முன் 22½, பின் 24½ என்று பிரிக்கப்பட்டது. நாலில் ஒன்றாக முன் 11¼, பின் 12¼. இந்தப் பேட்டர்னில் முன்னும் பின்னும் சம அகலம் என்பதால், முன் சீட்டுக்கு 18-ன் அகலம், பின் சீட்டுக்கு 22-ன் அகலம். மொத்தம் அதே 47. சைஸ் எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு விநோதமாகத் தோன்றும். ஆனால் இதற்குப் பிறகு பக்கத் தையல் நேராக விழுகிறது.

இதனால் பின்பக்கத்தில் ஒரு சிக்கல் வருகிறது. டார்ட் மடிப்பு 1 அங்குலத்தையும் சேர்த்து இடுப்பில் தாள் அகலம் 9¾. சீட்டில் 12¼. 9 அங்குல உயரத்துக்குள் பக்கக் கோடு 2½ அங்குலம் வெளியே ஓட வேண்டும். மூல பேட்டர்ன் 14-ல் இந்த ஓட்டம் 1¼ மட்டுமே. நீட்சி இல்லாத பருத்தியில் இவ்வளவு சாய்வான ஓரம் தைக்கும்போதே நெளியும், பக்கத்தில் காது போல நிற்கும். அதனால் பின் இடுப்புப் புள்ளியை அரை அங்குலம் வெளியே நகர்த்தி, அந்த அரை அங்குலத்தைப் பின் டார்ட்டில் போட்டு, மடிப்பை 1-லிருந்து 1½ ஆக்கினோம். இடுப்பின் ஆடை அளவு மாறவில்லை. பக்கக் கோட்டின் ஓட்டம் 2 அங்குலமாகக் குறைந்தது. முன்பக்கத்தில் ஓட்டம் 1½தான், அங்கே எதுவும் தேவைப்படவில்லை.

டார்ட்டில் இதற்கு மேல் ஏற்றக் கூடாது. 1½ அங்குலத்தைத் தாண்டினால் டார்ட்டின் நுனி கூம்பு போல் புடைக்கும். இன்னும் தேவைப்பட்டால் பக்கத்தில் இரண்டாவது சிறு டார்ட் போடுவதுதான் வழி.

முன், பின் பக்கக் கோடுகளின் நீளம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது கடைசி வேலை. டார்ட்டை மூடிய முன்தாளைப் பின்தாளின் மேல் வைத்து, தையல் கோட்டில் விரல் வைத்து அக்குளிலிருந்து ஸ்லிட் வரை நகர்த்திப் பார்க்க வேண்டும். பின்கோடு அதிகம் வளைந்திருப்பதால் கொஞ்சம் நீளமாக வரும். அரைக்கால் அங்குலம் என்றால் தைக்கும்போது உள்ளடங்கும். அதற்கு மேல் போனால் இடுப்புக்கும் சீட்டுக்கும் நடுவில் பின் வளைவைச் சற்றுத் தட்டையாக்கி மறுபடி வரைய வேண்டும். ஒத்துவந்த பிறகு இடுப்பிலும் சீட்டிலும் இரண்டு தாளிலும் பொருத்தக் குறி வைத்துவிட வேண்டும். இந்தக் குறி இல்லாவிட்டால் வெவ்வேறு வளைவுள்ள இரண்டு ஓரமும் தையலில் வழுக்கி, ஒரு பக்க ஸ்லிட் மற்றதை விட உயரமாக முடியும்.

காடா துணியில் போட்டுப் பார்த்தபோது

கையும் கழுத்துப் பட்டியும் இல்லாமல், பக்கத் தையலில் மட்டும் 1 அங்குல விடுப்பு விட்டு, காடா துணியில் நீளமான தையலாகப் போட்டுப் பார்த்தோம். இடுப்புக் கோடும் சீட் கோடும் பென்சிலில் துணியின் மேலேயே வரையப்பட்டிருந்தன. அந்தக் கோடுகள் தரைக்கு இணையாக நிற்கின்றனவா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

தோள், கழுத்து, ஆர்ம்ஹோல் சரி. மார்பு சரி. சீட் கோட்டில் சரியாக 4 அங்குலம் லூஸ் கையில் பிடிக்கக் கிடைத்தது. ஆனால் பின்னால் இடுப்புக்குச் சற்று மேலே குறுக்காக ஒரு மடிப்பு விழுந்தது. பென்சில் போட்ட இடுப்புக் கோடு பின்னால் அரை அங்குலம் மேலேறியிருந்தது. இவர் இரண்டு மூன்று அடி நடந்ததும் இன்னும் ஏறியது.

முதுகில் குறுக்கு மடிப்புக்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, முதுகு நீளம் அதிகமாகி, உபரித் துணி இடுப்பில் தேங்குவது. இரண்டு, கீழே எங்கோ இறுக்கமாகி, துணி இறங்க முடியாமல் மேலே தேங்குவது. இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், சிகிச்சை மட்டும் நேர் எதிர். முதுகை அரை அங்குலம் மடித்துச் சுருக்கிவிட்டால் மடிப்பு மறையும், ஆனால் இரண்டாவது காரணம் என்றால் நடந்தவுடன் திரும்ப வரும். பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு: பக்கத் தையலை ஸ்லிட் உச்சியிலிருந்து மேல்நோக்கி, இடுப்புக்கு 1 அங்குலம் கீழ் வரை பிரித்துவிடுவது. மடிப்பு அப்படியே நின்றால் முதுகு நீளம். தானே இறங்கி மறைந்தால் இறுக்கம்.

இங்கே பிரித்ததும் மடிப்பு இறங்கியது. பிரித்த இடம் இரு பக்கமும் கண் போலத் திறந்தது. திறப்பு அதிகமாக இருந்தது சீட் கோட்டில் அல்ல, இடுப்பிலிருந்து 4 அங்குலம் கீழே.

அந்த இடத்தில் உடலை அளந்தால் 39. காடா துணியில் அதே உயரத்தில் 39½. லூஸ் அரை அங்குலம்தான். இடுப்பில் 4, சீட்டில் 4, நடுவில் அரை! மூன்று புள்ளியும் சரியாக இருந்தும் குர்த்தி ஏறியதற்குக் காரணம் இதுதான். இடுப்பிலிருந்து சீட்டுக்கு வரைந்த வளைவு உள்ளே குழிந்துவிட்டது. நேர்கோடாகவே இழுத்திருந்தால் கூட அங்கே 40¼ கிடைத்திருக்கும். ஆனால் வளைவு ஸ்கேலை இடுப்பின் அழகுக்காகக் குழிவாக வைத்து வரைந்ததில் முக்கால் அங்குலம் போய்விட்டது. இவர் உடம்பில் சதை இடுப்புக்குக் கீழே உடனே தொடங்குகிறது. அட்டவணையில் இந்த அளவுக்கு இடமே இல்லை, அதனால் பலரும் எடுப்பதில்லை. சைஸ் கலப்பதில் நாங்கள் பார்க்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த 9 அங்குலத்துக்குள்தான் நடக்கின்றன. மேல் சீட் அளவை, இடுப்பிலிருந்து 4 அங்குலம் கீழே, நான்காவது அளவாக எடுத்து வைப்பது முதலிலேயே இந்த வேலையை மிச்சப்படுத்தும்.

திருத்தம் சிறியது. மேல் சீட் கோட்டில் நான்கு ஓரத்திலும் அரை அங்குலம் வெளியே தள்ளினால் 41½ வரும், லூஸ் 2½. இப்போது கோட்டின் வடிவமே மாறுகிறது. இடுப்பைக் கடந்து ஓர் அங்குலம் வரை உள்வளைவு, பிறகு வெளிவளைவு, சீட் புள்ளியில் நேராகிக் கீழே இறங்குகிறது. நேர்கோட்டோடு ஒப்பிட்டால் வெளிவளைவு கால் அங்குலத்துக்குச் சற்று அதிகம்தான், ஆனால் காடா துணியில் அரை அங்குலத்தை விடுவித்துத் தைத்ததும் குறுக்கு மடிப்பு போய்விட்டது, இடுப்புக் கோடு தரைக்கு இணையாக வந்து நின்றது. பக்கத்தில் 1 அங்குலம் விடுப்பு விட்டிருந்ததால்தான் அதே துணியில் இதைச் செய்ய முடிந்தது.

உட்கார்ந்து பார்த்ததில் ஸ்லிட் உச்சி இழுபடவில்லை. உச்சியில் குறுக்காக இரண்டு தையல் அடித்து, உள்பக்கம் சிறு துணிப்பட்டி வைக்கும்படி குறிப்பு எழுதப்பட்டது. அந்த இடத்தில் துணி கிழிவது லூஸ் சரியாக இருந்தாலும் நடக்கும்.

வேறு வெட்டில் வந்தால்

பிரின்ஸஸ் வெட்டு உள்ள பேட்டர்னில் கூட்ட வேண்டியதைப் பக்கத் தையலில் மட்டும் கொட்டக் கூடாது. முன்னும் பின்னும் நடு வெட்டுகளில் ஒவ்வோர் ஓரத்துக்கும் கொஞ்சம் பிரித்துக் கொடுக்கலாம், அதனால் ஒவ்வொரு வளைவும் மென்மையாகவே இருக்கும். 14-லிருந்து 20 போன்ற பெரிய தாவலுக்கு இந்த வெட்டுதான் எளிது. ஆனால் மார்பின் உச்சி கடந்து 2 அங்குலம் கீழே வரும் வரை அந்த வெட்டுகளில் கை வைக்காமல் இருப்பது நல்லது.

இடுப்பில் குறுக்குத் தையல் உள்ள உடையில் மேல் துண்டும் பாவாடைத் துண்டும் தனித்தனி. மேல் துண்டு இடுப்பில் 17-ல் முடிந்தால் பாவாடையும் இடுப்பில் 17-லேயே தொடங்க வேண்டும். டார்ட்டுகள் நேருக்கு நேர் சேர வேண்டும். மேல் துண்டை 14-ன் உயரத்தில் முடித்துவிட்டு, பாவாடை 20-ன் உயரத்தோடு வந்தால் பரவாயில்லை, கீழ் ஓரத்தில் குறைத்துக்கொள்ளலாம். சீட் குறி மட்டும் இடுப்பிலிருந்து 9 அங்குலத்தில்தானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரிசெய்த தாளில் சைஸ் எண்களை மட்டும் எழுதி வைத்தால் அடுத்த பேட்டர்னுக்கு உதவாது, ஏனென்றால் அங்கே லூஸ் வேறாக இருக்கும். இந்தத் தாளின் ஓரத்தில் எழுதப்பட்டவை: மார்பு லூஸ் 3, இடுப்பு 4, மேல் சீட் 2½, சீட் 4, முன் பின் வித்தியாசம் 2, எந்தத் துணி என்பதும். ரேயானில் தைக்கும்போது துணி தொங்கி இறங்குவதால் இதே தாளில் இடுப்பு லூஸை ஓர் அங்குலம் குறைக்கலாம், அதாவது ஒவ்வோர் ஓரத்திலும் கால் அங்குலம் உள்ளே. பின்னல் துணிக்கு இந்தத் தாளைப் பயன்படுத்தக் கூடாது. நீட்சியுள்ள துணிக்கான பேட்டர்னில் பெரும்பாலும் டார்ட் இருக்காது, லூஸ் பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் போகலாம். அங்கே கணக்கு முதலிலிருந்து வேறு.